காணாமல் போன பொத்தல்

புது வீட்டில் சாமான்களை இறக்கிய கையோடு டீச்சருக்கும் அவள் கணவருக்கும் ஒரு வாக்குவாதம் வந்தது. ஒரு தெருவுக்குக் குடிவந்தால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது நல்ல டீக்கடை என்றார் அவர். இல்லை, நல்ல இஸ்திரிக் கடை என்றாள் டீச்சர். டீ நன்றாக இல்லாவிட்டால் கீழே கொட்டிவிட்டு வரலாம், கருகின சட்டையை என்ன செய்ய முடியும் என்று அவள் கேட்டாள். மருந்துக் கடை வைத்திருக்கிறவருக்கு மறுக்க முடியாத கேள்வி அது, ஏனென்றால் அவருடைய வெள்ளைக் கோட்டின் முதுகில் பழைய தெருவின் இஸ்திரிக்காரர் விட்டுப் போன முக்கோணத் தழும்பு இன்னும் இருந்தது.

டீச்சர் மழலை வகுப்பு எடுப்பவள். நாற்பது பிள்ளைகளின் செருப்பையும் டிபன் பாக்ஸையும் மாறாமல் அனுப்புகிற கைக்கு எண்ணுவது புதிதல்ல. ஆனால் அவளை நிஜமாகவே எண்ண வைத்தது பள்ளிக்கூடம் இல்லை, நாத்தனார்.

கணவருடைய அக்காவான அவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் துணிக் கிடங்குக்குப் பொறுப்பாளர். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர் கோட்டு எல்லாம் அழுக்காகப் போவதும் வெளுத்து வருவதும் அந்த அம்மாள் கண்ணைத் தாண்டித்தான் நடக்கும். போன உருப்படியும் வந்த உருப்படியும் சரியாக இருந்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். வீட்டிலும் அதே கதைதான். யார் எந்தப் பொருளை வாங்கினாலும் திருப்பிப் போட்டு, தட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். சொந்தத் தம்பியே அவருக்குச் சுங்கச்சாவடி என்று பெயர் வைத்திருந்தார். அதை அக்காவின் காதுபட ஒருநாளும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

ஆக, டீச்சர் கடை தேடிக் கிளம்பினாள். எடுத்த எடுப்பில் நல்ல துணியைக் கொடுக்கிற ரகமில்லை அவள். முதலில் பழைய தலையணை உறையும் வீட்டில் கட்டுகிற புடவையும், அது தேறினால் வேலைக்குப் போகிற உடை, அதுவும் தேறினால்தான் பட்டு. பெண் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள் என்றார் கணவர், தான் பெண் பார்க்கப் போனபோது இவள் தன்னை என்னென்ன சோதித்திருப்பாளோ என்ற யோசனையில்.

தெருமுனை மரத்தடியில் ஒரு தள்ளுவண்டி நின்றது. கரிப்பெட்டி போட்டு இஸ்திரி போடுகிறவர். வீட்டுக்கே வந்து வாங்கிப் போய், சாயங்காலமே கொண்டுவந்து கொடுத்துவிட்டார், கைநேர்த்தியும் பரவாயில்லை. டீச்சர் வாசலிலேயே நிற்க வைத்து எண்ணினாள். எண்ணிக்கை சரிதான். பிரித்துப் பார்த்தால் தலையணை உறை ஒன்று குறைந்து, அந்த இடத்தில் யாரோ ஒரு பாப்பாவின் கவுன் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தது. எண்ணிக்கைதான் சரியா இருக்கே என்று அவர் நியாயம் பேசினார். இந்த வீட்டில் பாப்பாவே கிடையாது என்று டீச்சர் சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்தது பெரிய சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட சலவைக் கடை. அங்கே போட்டால் துணி எங்கேயோ இருக்கிற பட்டறைக்கு வண்டியேறிப் போய்த் திரும்பும். மணக்க மணக்க, பளபள உறையில் வந்தது. உறையைப் பிரிக்காமல் வாங்கிப் போவதுதான் அங்கே நாகரிகம் போலிருக்கிறது. டீச்சர் அந்தக் கவுண்டரிலேயே பிரித்தாள். கணவரின் பழைய கறுப்புக் கால்சட்டையை உள்பக்கம் திருப்பாமல், மேலே துணியும் போடாமல் அழுத்தியிருந்ததால் முட்டியில் எண்ணெய் தடவினது போல மினுமினுப்பு ஏறியிருந்தது. சட்டையில் ஒரு பொத்தான் பாதியாக உடைந்திருந்தது. கவுண்டர் பெண் சிரித்த முகம் மாறாமல் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினாள். எறும்பு படிக்கிற எழுத்தில், எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல என்று இருந்தது.

மிச்சமிருந்தது தையற்கடைக்குப் பக்கத்தில், ஒற்றை அறையில், ஒரு புருஷன் பெண்டாட்டி நடத்துகிற கடை. அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது, வேலை சுத்தம், ஆனால் அந்த அம்மாவிடம் யார் மாரடிப்பது என்று பலரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அந்த அம்மாளுக்குத் தெருவில் வக்கீலம்மா என்று பெயர்.

ஏன் அந்தப் பெயர் என்பது முதல் மூட்டையிலேயே விளங்கிவிட்டது. வக்கீலம்மா மூட்டையை வாங்கி மூலையில் எறியவில்லை. மேசையில் அவிழ்த்து, ஒவ்வொரு உருப்படியாக எடுத்து உதறி, பையில் கைவிட்டு, பொத்தான்களைத் தடவி, குறையை உரக்க அறிவித்துவிட்டுத்தான் எண்ணிக்கையில் சேர்த்தார். கடையில் காத்திருந்த நாலு பேரும் கேட்டார்கள்.

"சட்டை ஒண்ணு. காலர் நைஞ்சிருக்கு, பாத்துக்கோங்க. ரெண்டு. அக்குள்ல தையல் விட்டிருக்கு. மூணு. இதுல கடைசிப் பொத்தான் வேற சட்டையோடது. பனியன் ஒண்ணு. இத ஏன் இஸ்திரிக்குக் கொண்டாந்தீங்க, இதுல துணியவிட ஜன்னல்தான் அதிகம்."

டீச்சருக்கு முகம் சிவந்தது. அந்தப் பனியனை அவள் மூட்டையில் வைக்கவில்லை, மூட்டை கட்டும்போது கணவர் தன் பங்குக்குச் செருகியது. காத்திருந்தவர்களில் ஒருவர் தன் மூட்டையை மெல்ல முதுகுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டார். இதனால்தான் இந்தக் கடைக்குக் கூட்டம் குறைவு என்பது அவளுக்குப் புரிந்தது. துணி கருகினாலும் பரவாயில்லை, மானம் கப்பலேறக் கூடாது என்று நினைக்கிறவர்கள்தான் ஊரில் அதிகம்.

ஆனால் டீச்சருக்குப் பிடித்துப்போனது. குறையை முன்கூட்டியே இரண்டு பேரும் பார்த்துவிட்டால் பிறகு யார் மேலும் பழி விழாது அல்லவா. வக்கீலம்மா ஒவ்வொரு வீட்டு மூட்டைக்கும் எண் எழுதின துணித்துண்டைப் பின்னூசியால் குத்தி, தனித் தட்டில் வைத்தார். ஒரு வீட்டு மூட்டை முடியாமல் அடுத்த வீட்டு மூட்டை மேசைக்கு ஏறாது. அவருடைய புருஷன் ஒரு வார்த்தை பேசாமல் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து அந்த அம்மாளே பேசிவிடுவதால் அவர் தம் பங்கைச் சேமித்து வைத்திருந்தார் போலும். துணி திரும்பி வந்தபோதும் அதே சடங்கு, எண்ணி, பிரித்துக் காட்டி, சரியா என்று கேட்டு, இவள் சரி என்று வாயால் சொன்ன பிறகுதான் மூட்டையை விட்டார். வேலைக்குப் போகிற உடையும் தேறியது. ஒரு மாதத்தில் இந்தக் கடைதான் என்று முடிவாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பட்டுப் புடவை வந்து சேர்ந்தது.

பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறி நிகழ்ச்சியைத் தொகுத்துச் சொல்கிற வேலை டீச்சருக்கு வாய்த்தது. நல்ல பட்டு எல்லாம் இன்னும் பிரிக்காத பெட்டிகளில் எங்கேயோ அடியில் கிடந்தது. கணவர் அக்காவிடம் போனில் இதைச் சொல்ல, நாத்தனார் தம் கரும்பச்சைப் பட்டைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார். டீச்சருக்கு நம்பவே முடியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பீரோவிலிருந்து ஒரு கைக்குட்டைகூட இந்த வீட்டுக்கு வந்ததில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் தமக்கு ஒரு பாராட்டு விழா இருப்பதாகவும், அதற்கு இதைத்தான் கட்டப்போவதாகவும், அதனால் ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகவும் நாத்தனார் சொன்னார். கொடுத்த மாதிரியே திரும்பி வர வேண்டும் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தார்.

டீச்சர் இரண்டு கையாலும் வாங்கி, பிரிக்காமல் அப்படியே அலமாரியில் வைத்தாள். தள்ளுவண்டிக்காரரை வாசலில் நிற்க வைத்து எண்ணினவள், கண்ணாடிக் கதவுக் கடையில் உறையைக் கிழித்தவள், நாத்தனார் கொடுத்ததை மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை. சுங்கச்சாவடியையே யாராவது சோதனை போடுவார்களா?

விழா அமர்க்களமாக நடந்தது. ஒப்பனை அறையில் இரண்டு சக டீச்சர்கள் பரபரவென்று கட்டிவிட்டார்கள். மேடையோரத்தில் கொதிக்கிற விளக்கு ஒன்றின் பக்கத்திலேயே நின்று, பிள்ளைகள் மறந்த வரிகளுக்கெல்லாம் சேர்த்துத் தானே பேசி, கைதட்டலும் வாங்கி வீடு வந்தாள். புடவையை நிழலில் ஆறப்போட்டு, வியர்வை வாடை போனதும் வக்கீலம்மாவிடம் எடுத்துப்போனாள்.

வக்கீலம்மா மேசை விரிப்பை மாற்றிச் சலவை விரிப்புப் போட்டு, தண்ணீர்ச் செம்பைத் தூர நகர்த்தி வைத்தார். பட்டில் சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் திட்டுத் திட்டாக நிற்குமாம். பிறகு புடவையைத் தலைப்பிலிருந்து பிரித்துக்கொண்டே போனார். கரை நல்லா இருக்கு. தலைப்பு நல்லா இருக்கு. ஃபால்ஸ் தையல் கெட்டி. இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"டீச்சர், இங்க பாருங்க. ஒரு பொத்தல். ஓரம் கருகியிருக்கு."

டீச்சர் எட்டிப் பார்த்தாள். இடுப்பில் சொருகுகிற இடத்தில், விரல்நகம் அளவுக்கு ஒரு பொத்தல். மேடை விளக்கு. அந்தப் பாழாய்ப்போன மேடை விளக்கு. பக்கத்திலேயே நின்றோமே, அப்போதே சூடு அடித்ததே என்று நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. சொருகி மறைந்திருந்த இடத்தை விளக்கு எப்படிச் சுட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்க அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. பயம் வந்தால் புத்தி புறவாசல் வழியாகப் போய்விடும் என்பது சரிதான்.

வக்கீலம்மா எப்படி வந்தது என்று கேட்கவில்லை. அது அவருடைய கட்டுப்பாடு. கண்ணால் பார்த்ததைச் சொல்வார், எப்படி வந்தது என்பது அந்தந்த வீட்டுச் சமாசாரம் என்று விட்டுவிடுவார். டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தையற்காரர் இழையோட்டி அடைப்பதில் கைதேர்ந்தவர் என்று மட்டும் சொன்னார். கருகின ஓரத்தை நறுக்கிவிட்டு, அதே புடவையின் உள்முனையிலிருந்து நாலு இழை உருவி, அதைக் கொண்டே நெய்துவிடுவாராம். தையற்காரர் இரண்டு நாள் கேட்டார். புடவை திரும்பி வந்தபோது டீச்சருக்கே இடம் தெரியவில்லை. அதன் பிறகு வக்கீலம்மாவின் புருஷன் உள்பக்கம் திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு, சூட்டைக் குறைத்து, பச்சைப் பிள்ளையைத் தடவுகிற மாதிரி இஸ்திரி போட்டுக் கொடுத்தார். டீச்சர் வீட்டுக்கு வந்து கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அக்காவிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டாள்.

அவர் யோசிக்கவே இல்லை. சும்மா இருக்கிற சங்கை ஏன் ஊதிக் கெடுக்க வேண்டும் என்றார். டீச்சரும் சரி என்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மனசு மூடவில்லை. இத்தனை வருஷம் கழித்து நம்பி ஒன்று கொடுத்தார்களே, அதைப் பொத்தலாக்கி ஒட்டுப்போட்டுக் கொடுக்கிறோமே என்று உள்ளுக்குள் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார். காபியைக் கையில் கொடுத்தால் அதைக் கீழே வைத்துவிட்டுப் புடவையைக் கேட்டார். கட்டிலில் விரித்துப்போட்டு, கரையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரலால் தடவிக்கொண்டே போனார். தலைப்பைப் பார்த்தார். ஃபால்ஸைத் திருப்பிப் பார்த்தார். இஸ்திரி நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னார். டீச்சருக்கு மூச்சு சற்று இறங்கியது. அதன் பிறகு நாத்தனாருடைய கை நேரே அந்த இடத்துக்கே போனது.

தடவினார். திருப்பிப் போட்டுத் தடவினார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். டீச்சர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம் வெடிக்கும் என்று எதிர்பார்த்தால், நாத்தனார் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, வழி தவறினவரின் திகைப்பு.

"இது என் புடவை இல்ல" என்றார்.

தம்பி அக்காவை நன்றாகப் பார்க்கச் சொன்னார். தாம் துணி எண்ணுகிறவர், தம் புடவையைத் தமக்குத் தெரியாதா என்றார் அக்கா. எதை வைத்து இல்லை என்கிறாய் என்று தம்பி கேட்டார். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. கடையில் மாற்றிவிட்டார்கள், இதே நிறத்தில் வேறு யாருடையதையோ கொடுத்துவிட்டார்கள், அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று புடவையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டீச்சர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். கணவர் கதவைப் பூட்டினாரா இல்லையா என்பது அவருக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமையாதலால் கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். நாத்தனார் புடவையை மேசைமேல் வைத்து, இது மாறி வந்திருக்கிறது, என்னுடையதைக் கொடுங்கள் என்றார். குரல் ஒன்றும் உரக்க இல்லை. ஆனால் இஸ்திரிக் கடையில் துணி மாறிவிட்டது என்பதைக் கிசுகிசுத்தாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். நின்றவர்கள் தத்தம் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டார்கள். வக்கீலம்மாவின் முகம் இறுகியது. உள்ளே இஸ்திரிப் பெட்டி நின்றது.

வக்கீலம்மா கையைத் தம் முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். மாறியிருந்தால் தேடித் தருவது தம் பொறுப்பு, ஆனால் அடையாளம் சொல்ல வேண்டும் என்றார். அடையாளம் கேட்கப்பட்டது. நிறம்? கரும்பச்சை. இதுவும் கரும்பச்சை. கரை? இரட்டைக் கரை, நடுவில் அரக்கு. இதிலும் அப்படித்தான். ஃபால்ஸ் யார் தைத்தது? நானே தைத்தேன் என்றார் நாத்தனார். வக்கீலம்மா ஃபால்ஸைத் திருப்பிக் காட்டினார். தையலைப் பார்த்த நாத்தனார், இது என் தையல் மாதிரிதான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

"நிறம் உங்களது, கரை உங்களது, தையலும் உங்களது. அப்புறம் எத வச்சு உங்க புடவை இல்லைங்கிறீங்க?"

நாத்தனார் புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்து வரை சிவந்து போயிருந்தது.

வக்கீலம்மாவுக்குப் பதில் தெரியும். பொத்தலைப் பார்த்ததும் அவர்தான், அடைக்க வழி சொன்னதும் அவர்தான். ஒரு வார்த்தை சொன்னால் தம் கடையின் பெயர் தப்பும். அவர் டீச்சரை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். சொல்லவில்லை. அது அந்த வீட்டுச் சமாசாரம். டீச்சர் மேசைக்கு முன்னால் வந்தாள். தன் ரகசியத்துக்காக இந்த அம்மாள் ஊர் முன்னால் பழியைச் சுமந்துகொண்டு நிற்கிறாரே என்று நினைத்தபோது, பயம் போன இடம் தெரியவில்லை.

"அண்ணி, கடையில எதுவும் மாறல. இது உங்க புடவைதான். விழா அன்னைக்கு மேடை விளக்குப் பக்கத்துல நின்னு நான்தான் பொத்தல் போட்டுட்டேன். உங்ககிட்ட சொல்ல பயந்துக்கிட்டு அடைக்கச் சொன்னேன். இவங்க மேல தப்பே இல்ல."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். இனிமேல் அந்தப் பீரோவிலிருந்து கைக்குட்டை என்ன, ஒரு நூல்கூட வராது. கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

நாத்தனார் அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். சரி, போகட்டும், அடைத்துவிட்டாயே என்று பெருந்தன்மையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் புடவையை எடுத்துக்கொண்டு போயிருந்தால், ஊரும் மெச்சியிருக்கும், ஒருவருக்கும் உண்மை தெரிந்திருக்காது. அவர் புடவையை எடுக்கவில்லை. தம்பி பெண்டாட்டியின் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிமிரும்மா" என்றார். "அது நீ போட்ட பொத்தல் இல்ல. நான் போட்டது."

டீச்சர் நிமிர்ந்தாள்.

பிறகு எல்லாம் மளமளவென்று வந்தது. நாத்தனார் எந்தக் கடையையும் நம்பாமல் பட்டுக்குக்கூடத் தாமே இஸ்திரி போடுகிறவர். போன வருஷம் பெட்டியைப் புடவைமேலேயே வைத்துவிட்டு, கிடங்கிலிருந்து வந்த போனில் ஒரு விரிப்பு குறைகிறது என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாராம். திட்டி முடித்துத் திரும்பினால் புகை. நல்லவேளையாகப் பெட்டியின் மூக்கு மட்டும்தான் பதிந்திருந்தது, அதுவும் சொருகுகிற இடத்தில். நல்லவேளை என்று நினைத்தாரே தவிர, துணிக் கிடங்கின் பொறுப்பாளர் தம் பட்டைத் தாமே கருக்கினார் என்று யாரிடம் சொல்வது? கட்டினால் தெரியாது, பிரித்துப் பார்க்கவும் இவளுக்குத் தைரியம் வராது என்ற நம்பிக்கையில் கொடுத்தாராம். இன்றைக்குப் பிரித்தால் பொத்தலைக் காணோம். எங்கே போயிற்று என்று கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"ஒரு வருஷமா எங்கிட்ட இருந்த பொத்தல்" என்றார். "அது இல்லேன்னதும் என் புடவையே இல்லேன்னு ஆயிடுச்சு."

முதலில் சிரித்தது வக்கீலம்மாதான். துணி தொலைந்தது என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறாராம், பொத்தல் தொலைந்தது என்று வந்து நின்றவர் இவர்தானாம். அடுத்துத் தம்பி சிரித்தார், இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து, மேசையைப் பிடித்துக்கொண்டு. மூட்டையோடு நின்ற ஐந்தாறு பேரும் சிரித்தார்கள். நாத்தனார் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார், பிறகு அவருக்கே தாங்கவில்லை. டீச்சர் சிரித்தாளா அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டுக்கும் முந்தானை ஒன்றுதானே.

சொருகுகிற இடத்தை மேடை விளக்கு எப்படிச் சுடும் என்று தமக்கு அன்றைக்கே சந்தேகம் இருந்ததாக வக்கீலம்மா அப்போதுதான் சொன்னார். அதைச் சொல்லியிருந்தால் நான் இத்தனை நாள் தூங்கியிருப்பேனே என்றாள் டீச்சர். நீங்க கேக்கலையே என்றார் வக்கீலம்மா. உள்ளேயிருந்து அவர் புருஷன் முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"புடவை சரியா இருக்கில்ல? எடுத்துட்டுப் போங்க. மேசை வேணும்."

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் நாத்தனார் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் யார் கையையும் பிடித்து நடந்து தம்பி பார்த்ததில்லை. ஆறிப்போன காபியைச் சூடு பண்ணச் சொல்லாமல் அப்படியே குடித்தார். கிளம்புகிறபோது, நான் எது கொடுத்தாலும் இனிமேல் என் முன்னாலேயே பிரித்துப் பார்த்து வாங்கு என்று கண்டிப்பாகச் சொன்னார். டீச்சர் தலையாட்டினாள். இப்போதே பழகிக்கொள் என்று புடவையின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, மறுமுனையைத் தாம் பிடித்துக்கொண்டார். கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை பச்சைப் பட்டு விரிந்தது. இரண்டு பேரும் அந்தப் பொத்தல் இருந்த இடத்தைத் தேடினார்கள். கடைசி வரை கிடைக்கவில்லை.

பாராட்டு விழாவுக்கு அதையேதான் கட்டிப் போனார். மேடையில் பேசச் சொன்னபோது, துணியை எண்ணுகிறவர்கள் தங்கள் துணியையும் எண்ணிக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்து முழுக் கதையையும் தாமே சொல்லிவிட்டாராம். ஆஸ்பத்திரியே சிரித்ததாம். தம்பிக்கு அதில் ஒரே ஒரு வருத்தம், சுங்கச்சாவடி என்ற பெயரை இனி மறைத்து வைத்திருப்பதில் சுவாரசியமே இல்லை. அதை அக்காவிடம் நேராகவே சொல்லிவிட்டார். அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் இரண்டு பேருந்து மாறி ஒரு பெரிய மூட்டையோடு வந்து இறங்கினார். வீட்டுக்குள் வராமல் டீச்சரையும் கூட்டிக்கொண்டு நேரே இஸ்திரிக் கடைக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக வெளியே துணி போடுகிறார். மூட்டையை மேசைமேல் வைத்து, வக்கீலம்மா முடிச்சில் கை வைப்பதற்கு முன்பே குறுக்கே கையை நீட்டினார்.

"மொதல்ல நானே சொல்லிடுறேன். இதுல தலையணை உறை ஒண்ணு கருகியிருக்கு. நான்தான்."

கடையில் காத்திருந்தவர், டீச்சர் முதன்முதலாக வந்த அன்றைக்குத் தன் மூட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தவர்தான், தன்னுடையதையும் எடுத்து மேசைமேல் வைத்தார். இதில் இரண்டு சட்டைக்குப் பொத்தானே கிடையாது என்றார்.

வக்கீலம்மா தலையை ஆட்டிவிட்டு முடிச்சை அவிழ்த்து, உரக்க எண்ணத் தொடங்கினார்.